இடைநிலையில் ஏன் வெட்டவில்லை: மதிப்பாய்வாளருக்கு எழுதிய பதில் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

“வார ஓட்டுநர் நேரத்தை இடைநிலை மதிப்பில் இரண்டாகப் பிரித்து, அதிகம் ஓட்டுவோர், குறைவாக ஓட்டுவோர் என்று ஒப்பிட்டிருந்தால் வாசகர்களுக்கு எளிதாக இருந்திருக்கும். ஆசிரியர்கள் அப்படிச் செய்யாததற்குக் காரணம் என்ன?” (இரண்டாம் மதிப்பாய்வாளர், குறிப்பு 4)

எங்கள் துறையின் முதுநிலை மாணவி ஒருவர், எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்திற்குள் நுழையக் காத்து நிற்கும் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுநர்களிடம் இரத்த அழுத்தம் அளந்தார். ஸ்டியரிங்கின் முன் வாரத்திற்கு எத்தனை மணி நேரம் அமர்ந்திருக்கிறார்கள் என்பது முன்கணிப்பு மாறி. சுருங்கழுத்தம் விளைவு மாறி. கட்டுரை வெளியாகும் வரை உண்மையான எண்களைத் தர இயலாது என்பதால், அதே வடிவம் கொண்ட, விளக்கத்திற்காக நானே அமைத்த எண்களையே இந்தப் பக்கம் முழுவதும் வைத்திருக்கிறேன்: 160 ஓட்டுநர்கள், ஓட்டும் நேரத்தின் இடைநிலை 60 மணி, திட்ட விலக்கம் 12 மணி, சுருங்கழுத்தத்தின் திட்ட விலக்கம் 15 மி.மீ. பாதரசம்.

கடிதம் ஆங்கிலத்தில் போனது. அதன் நடுப்பகுதி தமிழில் இவ்வாறு அமையும்:

“மதிப்பாய்வாளரின் கருத்தைக் கவனமாகப் பரிசீலித்தோம். ஓட்டும் நேரத்தை இடைநிலையில் பிரித்தால் 59 மணி ஓட்டுபவரும் 61 மணி ஓட்டுபவரும் வெவ்வேறு வகையினராகவும், 61 மணி ஓட்டுபவரும் 90 மணி ஓட்டுபவரும் ஒரே வகையினராகவும் கருதப்படுவர். இதற்கு உடலியல் காரணம் எதுவும் இல்லை. பரவல் ஏறத்தாழ மணி வடிவிலும் தொடர்பு ஏறத்தாழ நேர்கோடாகவும் இருக்கும் நிலையில், இத்தகைய பிரிப்பு தரவிலுள்ள தகவலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழக்கச் செய்யும். மேலும், 60 என்னும் எண் எங்கள் மாதிரியிலிருந்து பிறந்ததே அன்றி, வேறோர் ஆய்வில் அதே இடத்தில் அமையும் என்பதற்கு உறுதி இல்லை. ஆகவே நேரத்தைத் தொடர் மாறியாகவே வைத்து, நேர்கோட்டு அனுமானத்தை வளைகோட்டு மாதிரியால் சோதித்திருக்கிறோம். எளிதாகப் படிக்க வேண்டும் என்ற தேவையை ஏற்று, 48, 60, 72 மணி நேரங்களுக்குரிய மதிப்பீடுகளைப் புதிய அட்டவணையாகச் சேர்த்துள்ளோம்.”

பதில் இவ்வளவுதான். இதைப் படித்த மற்ற மாணவர்கள் எழுப்பிய கேள்விகளுக்கான விடைகள் கீழே உள்ளன.

160 பேரில் ஒருவரைக்கூட நாம் நீக்குவதில்லையே, சார். பிறகு தகவல் எப்படிக் குறையும்?

ஆட்கள் குறைவதில்லை என்பது சரியே. ஒவ்வொருவரும் கொடுத்த எண்ணில் பெரும்பகுதியை நாம் கேட்காதது போல் விட்டுவிடுகிறோம். 72 மணி என்று ஒருவர் சொன்னால், பிரித்த பிறகு “60-க்கு மேல்” என்பது மட்டுமே மிஞ்சுகிறது. 12 மணி மேலே என்பதும், 90 மணிக்காரரைவிட 18 மணி கீழே என்பதும் அழிந்துவிடுகின்றன.

இந்த இழப்புக்கு ஓர் அளவும் உண்டு. மாறி மணி வடிவப் பரவலில் இருந்து, தொடர்பு நேர்கோடாகவும் இருந்தால், இடைநிலையில் வெட்டும்போது ஒட்டுறவுக் கெழு 2/π-இன் வர்க்கமூலத்தால், அதாவது 0.80 அளவால் பெருக்கப்பட்டுச் சுருங்குகிறது. விளக்கப்படும் மாறுபாடு 2/π ஆக, அதாவது 0.64 ஆகச் சுருங்குகிறது. ஜேக்கப் கோகென் 1983-இல் இந்த விலையைக் கணக்கிட்டுக் காட்டினார். ஆல்ட்மனும் ராய்ஸ்டனும் 2006-இல் மருத்துவ வாசகர்களுக்காக இதையே மீண்டும் எடுத்து வைத்தார்கள். நம் கணக்கில் 160-ஐ 0.64-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 102 வருகிறது. 160 பேரிடம் அளந்துவிட்டு 102 பேரிடம் மட்டுமே அளந்தவர் போல் முடிவு சொல்கிறோம் என்பது இதன் பொருள்.

மீதி 58 பேர் காகிதத்தில் ஓர் எண்ணாகத் தெரியலாம். மாணவியோ காசிமேட்டுப் பக்கம் சாலையோரத்தில் நின்று, ஒவ்வொரு வண்டியாகக் கேபினுக்குக் கீழே போய், ஓட்டுநரை ஐந்து நிமிடம் அமைதியாக உட்காரச் சொல்லி, இரண்டு முறை அளந்து, வினாத்தாளையும் நிரப்ப ஓர் ஆளுக்கு இருபது நிமிடம் ஆனது. 58 பேர் என்றால் பத்தொன்பது மணி நேர உழைப்பு. நடுவில் வரிசை நகர்ந்து, பாதி அளவில் வண்டி போய்விட்டவர்கள் இந்தக் கணக்கிலேயே இல்லை.

மணி வடிவம் இல்லாத பரவலில் 0.64 என்ற எண் மாறும். ஆகவே கடிதத்தில் நிபந்தனையையும் சேர்த்தே எழுத வேண்டும். பரவல் மணி வடிவமாக இருந்து, இடைநிலையை விட்டு ஓரமாக எங்கேனும் வெட்டினால் இழப்பு இன்னும் கூடும்.

ஓட்டுநர்கள் நினைவிலிருந்து தோராயமாகத்தானே சொல்கிறார்கள்? துல்லியமே இல்லாத எண்ணைத் தொடர் மாறியாக வைத்து என்ன பயன்?

இந்தப் பக்கத்திலேயே நான் அதிகம் மதிக்கும் கேள்வி இதுதான். பிரித்துவிட்டால் பிழை மறைந்துவிடும் என்ற எண்ணம் பலருக்கும் இருக்கிறது. எங்கள் தரவு அதற்கு நேர்மாறாகப் பேசியது.

“போன வாரம் மொத்தம் எத்தனை மணி நேரம் வண்டியில் இருந்தீங்கண்ணே?” என்று மாணவி கேட்பார். மணலி யார்டிலிருந்து ஜீரோ கேட் வரை வந்த நேரம், கியூவில் நின்ற நேரம், காலி வண்டியோடு திரும்பிய நேரம் எல்லாவற்றையும் ஓட்டுநர் விரல் விட்டு எண்ணத் தொடங்குவார். பாதியில் அலுத்துப்போய், “ஒரு அறுபது போட்டுக்கம்மா” என்பார். இப்படிச் சொன்னவர்கள் மட்டும் 24 பேர் என்று வைத்துக்கொள்வோம். 60-க்குக் கீழே 70 பேர், மேலே 66 பேர். வரிசைப்படுத்தினால் 71-ஆவது ஆள் முதல் 94-ஆவது ஆள் வரை எல்லாரும் 60-இல் நிற்கிறார்கள். இடைநிலையும் அந்தக் குவியலின் மேல்தான் விழுகிறது.

இப்போது பாதியாகப் பிரிக்க முயலுங்கள்:

```r
table(d$hours >= median(d$hours))   # FALSE 70, TRUE 90
table(d$hours >  median(d$hours))   # FALSE 94, TRUE 66
```

ஒரு சமக்குறியை வைப்பதா எடுப்பதா என்பதைப் பொறுத்து 24 பேர் ஒரு குழுவிலிருந்து மறு குழுவுக்குப் போய்விடுகிறார்கள். இரண்டு வகையிலும் பாதிக்குப் பாதி வரவில்லை. எந்தக் குறியை வைத்தோம் என்று பெரும்பாலான கட்டுரைகள் சொல்வதே இல்லை. படிப்பவரால் கண்டுபிடிக்கவும் இயலாது. “இடைநிலையில் பிரித்தோம்” என்று எழுதியிருக்கும் கட்டுரையில் குழுக்களின் எண்ணிக்கை சமமாக இல்லையென்றால், எல்லையின் மேல் இத்தகைய குவியல் இருப்பதாகச் சந்தேகிக்கலாம்.

உண்மையில் 57 மணி ஓட்டியவரும் 63 மணி ஓட்டியவரும் “அறுபது” என்றே சொல்லியிருப்பார்கள். தொடர் மாறியில் அது மூன்று மணி நேரப் பிழை. 12 மணி திட்ட விலக்கத்தின் முன் அது சிறியது. பிரித்த மாறியில் அதே மூன்று மணி நேரம் ஒருவரை முழுவதுமாகத் தவறான குழுவில் தள்ளிவிடுகிறது. எல்லைக்கு அருகில்தான் ஆட்கள் அதிகம்; பிரிப்பு மிகக் கடுமையாகத் தவறுவதும் அங்கேதான்.

இதனால் தொடர் மாறி தூய்மையானது என்று ஆகிவிடாது. நினைவுப் பிழை தற்செயலானதாக இருந்தால் சாய்வு உண்மையைவிடச் சற்றுக் குறைவாகவே தெரியும். அதைக் கட்டுரையின் குறைபாடுகள் பகுதியில் ஒப்புக்கொண்டிருக்கிறோம். யார்டின் கேட் பதிவேட்டைப் பார்க்க அனுமதி கிடைத்திருந்தால் பிழை குறைந்திருக்கும். அளவீட்டுப் பிழைக்கு மருந்து நல்ல அளவீடுதான்.

தொடர்பு நேர்கோடாக இல்லாவிட்டால்? குழுவாகப் பிரித்தால் அந்த அனுமானமே தேவைப்படாதே?

பிரிப்பதும் ஓர் அனுமானம்தான். நேர்கோட்டைவிடக் கடினமான அனுமானமும்கூட. 60 மணி வரை இரத்த அழுத்தம் ஒரே மட்டத்தில் இருந்து, 60-ஐத் தாண்டியதும் ஒரே படியில் ஏறி, பிறகு 90 வரை மீண்டும் அசையாமல் இருக்கிறது என்று அது சொல்கிறது. எந்த உடலில் இப்படி நடக்கும்?

நேர்கோட்டின் மேல் ஐயம் இருந்தால் வளைய இடம் கொடுக்கும் மாதிரியைப் பொருத்திப் பார்க்க வேண்டும். நாங்கள் நான்கு முடிச்சுகள் கொண்ட கட்டுப்படுத்திய கன ஸ்ப்ளைனைப் பயன்படுத்தினோம். முடிச்சுகள் 5, 35, 65, 95-ஆவது சதமானங்களில் தாமாகவே அமைகின்றன. முடிவைப் பார்த்துவிட்டு இடம் தேர்ந்தெடுக்கும் சபலத்திற்கு வழியில்லை.

```r
library(rms)
dd <- datadist(d); options(datadist = "dd")
m <- ols(sbp ~ rcs(hours, 4) + rcs(age, 4), data = d)
anova(m)
plot(Predict(m, hours))
```

`anova` தரும் அட்டவணையில் `hours` என்பதன் கீழ் `Nonlinear` என்ற வரி வரும். அது வலுவாக இல்லாமல், வரைபடமும் ஏறத்தாழ நேராக இருந்தால், நேர்கோட்டு முடிவைத் தயக்கமின்றிச் சொல்லலாம். வரைபடத்தின் இரு ஓரங்களிலும் நம்பிக்கைப் பட்டை விரிவதைக் காண்பீர்கள். 80 மணிக்கு மேல் ஆட்கள் குறைவு என்பதை அது மறைக்காமல் காட்டுகிறது. இரண்டு பட்டைகள் கொண்ட படத்தில் அந்த நேர்மைக்கு இடமே இல்லை.

வயதைக் கட்டுப்படுத்திவிட்டால் போதாதா? நான் வயதையும் இடைநிலையில் பிரித்துத்தான் சேர்த்திருக்கிறேன்.

அப்படியானால் வயதை நீங்கள் பாதிக்குமேல் கட்டுப்படுத்தியிருக்கிறீர்கள், முழுவதுமாகக் கட்டுப்படுத்தவில்லை. “40-க்கு மேல்” என்ற குழுவுக்குள் 41 வயதுக்காரரும் 58 வயதுக்காரரும் இருக்கிறார்கள். வண்டிக் கடன் தவணை கட்டும் மூத்த ஓட்டுநர்கள் அதிக நேரம் ஓட்டுகிறார்கள் என்றால், அந்தக் குழுவுக்குள்ளேயே அதிக நேரம் ஓட்டுபவர் மூத்தவராகவும், மூத்தவர் அதிக அழுத்தம் உள்ளவராகவும் இருப்பார். வயதின் விளைவு நேரத்தின் கணக்கில் எழுதப்பட்டுவிடும்.

இதை எண்ணாலும் காட்டலாம். வயதுக்கும் நேரத்திற்கும் ஒட்டுறவு 0.5 என்றும், இரத்த அழுத்தம் வயதால் மட்டுமே மாறுகிறது, நேரத்தால் சிறிதும் மாறவில்லை என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டையும் தொடர் மாறிகளாக ரெக்ரெஷனில் இட்டால் நேரத்தின் கெழு சுழியத்தை ஒட்டியே வரும். இரண்டையும் இடைநிலையில் பிரித்து இட்டால், வயதைச் சேர்க்காதபோது தெரிந்த போலித் தொடர்பில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல், கணக்கில் 37.5 விழுக்காடு, அப்படியே நிற்கிறது. வயதை மட்டும் பிரித்து, நேரத்தைத் தொடர் மாறியாக வைத்தாலோ 43 விழுக்காடு நிற்கிறது. ஆட்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் இது போகாது. பெரிய மாதிரியில் போலித் தொடர்பு இன்னும் உறுதியான பி-மதிப்புடன் வரும்.

பிரிப்பதால் விளைவு குறைவாகத்தான் தெரியும், ஆகவே அது எச்சரிக்கையான வழி என்று சொல்பவர்களுக்கு இதையே விடையாகக் காட்டுகிறேன். மாறி ஒன்று மட்டும் இருந்தால் குறையும். இரண்டு இருந்தால் இல்லாததும் தோன்றும்.

பிரித்தபோது பி-மதிப்பு 0.05-ஐத் தாண்டிவிட்டது என்பதையும் பதிலில் எழுதலாமா?

எழுத வேண்டாம். நம் எண்களில் 10 மணி நேரத்திற்குச் சுருங்கழுத்தம் 2.4 மி.மீ. கூடுகிறது, 95 விழுக்காடு நம்பிக்கை இடைவெளி 0.5 முதல் 4.3 வரை, பி-மதிப்பு 0.015. அதே தரவைச் சரிபாதியாகப் பிரிக்க முடிந்ததாக வைத்துக்கொண்டால் இரு குழுக்களின் வேறுபாடு 4.6 மி.மீ. அளவில் வரும், இடைவெளி சுழியத்திற்குச் சற்றே கீழே தொடங்கி 9.2 வரை நீளும், பி-மதிப்பு 0.053. இதைக் கடிதத்தில் வைத்தால், “உங்களுக்குப் பிடித்த முடிவு வரவில்லை என்பதால் பிரிக்கவில்லை” என்றுதான் மதிப்பாய்வாளர் படிப்பார். அவர் அப்படிப் படிப்பதில் தவறும் இல்லை. தரவைத் திறப்பதற்கு முன்பே நேரத்தைத் தொடர் மாறியாக வைப்பது என்று ஆய்வுத் திட்டத்தில் எழுதியிருந்தோம்; நெறிமுறைக் குழுவுக்குக் கொடுத்த திட்டத்தின் பக்க எண்ணைச் சுட்டினோம். அந்த ஒரு வரி எந்தப் பி-மதிப்பையும்விட வலியது.

மருத்துவர்களுக்கு “அதிகம், குறைவு” என்றால்தான் புரிகிறது. அவர்களுக்காகவாவது?

புரிய வைப்பதை அட்டவணையில் செய்யலாம். பகுப்பாய்வைக் கெடுக்கத் தேவையில்லை. வாரம் 48 மணி ஓட்டுபவருக்கு எதிர்பார்க்கப்படும் சுருங்கழுத்தம் 128, 60 மணிக்கு 131, 72 மணிக்கு 134 என்று மூன்று வரிகள் கொடுத்தோம். இராயபுரத்தில் புறநோயாளிகளைப் பார்க்கும் மருத்துவர் தன் முன் அமர்ந்திருக்கும் ஓட்டுநரின் நேரத்தைக் கேட்டு, நேரே அந்த வரிக்குப் போகலாம். “இடைநிலைக்கு மேல்” என்று சொன்னால், எந்த இடைநிலை என்று அவர் எங்களைத் தேடி வர வேண்டியிருக்கும்.

48 மணி என்பது சட்ட வரம்பாயிற்றே? அதில் பிரிக்கலாமா?

மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், 1961, நாளொன்றுக்கு 8 மணி, வாரத்திற்கு 48 மணி என்று பொது வரம்பு வைத்தது. இது மாதிரியிலிருந்து பிறக்காத, வெளியிலிருந்து வந்த எல்லை. மாதிரி மாறினாலும் இடம் மாறாது. ஆகவே எத்தனை பேர் இதைத் தாண்டுகிறார்கள் என்று விவரிப்பதற்கு அது பொருத்தமானது. நாங்களும் அந்த எண்ணிக்கையைக் கட்டுரையின் முதல் அட்டவணையில் கொடுத்தோம். இரத்த அழுத்தத்தோடு உள்ள தொடர்பை மதிப்பிடும்போது மட்டும் அங்கும் வெட்டவில்லை. சட்டத்தின் கோடு எங்கே இருக்கிறது என்பது இரத்தக் குழாய்க்குத் தெரியாது.

இரண்டுக்குப் பதில் நான்கு சம பங்குகளாகப் பிரித்தால்?

இழப்பு குறையும், எல்லைகள் மாதிரியிலிருந்தே பிறக்கும் சிக்கல் அப்படியே இருக்கும். எங்கள் தரவில் 60-இன் குவியல் காரணமாக நான்கு பங்குகளும் சமமாக வரவே இல்லை.

மதிப்பாய்வாளர் இரண்டாம் சுற்றிலும் விடாமல் கேட்டால் என்ன செய்வது?

எங்களுக்கும் அதுவே நேர்ந்தது. “பிற ஆய்வுகள் இடைநிலையில் பிரித்திருப்பதால் ஒப்பிட வேண்டியுள்ளது” என்று எழுதினார். நியாயமான தேவை என்று தோன்றினாலும், அந்த ஒப்பீடு கைகூடாது என்பதை விளக்கினோம்: நீண்ட தூரம் ஓடும் லாரிகளில் இடைநிலை 70 ஆக இருக்கலாம், மாதவரத்திலிருந்து துறைமுகத்திற்கு வந்துபோகும் வண்டிகளில் 52 ஆக இருக்கலாம், இரண்டிலும் “அதிகம்” என்ற ஒரே சொல் வெவ்வேறு ஆட்களைக் குறிக்கும். 10 மணி நேரத்திற்கு இவ்வளவு என்ற சாய்வையோ இரண்டிலும் அதே அலகில் வைத்து ஒப்பிடலாம்.

அதன் பிறகும் அவருக்காக ஒரு படி இறங்கினோம். இடைநிலையில் பிரித்த முடிவைத் துணைக் கோப்பில், சமக்குறி சேர்த்தும் சேர்க்காமலும் இரண்டு வரிகளாகக் கொடுத்து, இது மதிப்பாய்வாளரின் வேண்டுகோளின்படி சேர்க்கப்பட்டது என்றும், முதன்மை முடிவு தொடர் மாறியின் முடிவே என்றும் தலைப்பிலேயே குறித்தோம். முதன்மைக் கட்டுரையின் சுருக்கத்தில் அந்த எண்களை நுழையவிடவில்லை. நான் மாணவனாக இருந்தபோது என் முதல் கட்டுரையில் இப்படி ஒரு வேண்டுகோளுக்கு இணங்கி முதன்மைப் பகுப்பாய்வையே மாற்றிக்கொடுத்தேன். பின்னர் அந்த வெட்டு எண்ணை மேற்கோள் காட்டி வேறு ஊரில் ஓர் ஆய்வேடு வந்ததைப் பார்த்தபோதுதான் என்ன செய்துவிட்டேன் என்று விளங்கியது. இரண்டு வரிகளையும் அருகருகே பார்த்த மதிப்பாய்வாளர், மூன்றாம் சுற்றில் அந்தக் குறிப்பைத் தாமாகவே திரும்பப் பெற்றுக்கொண்டு, நம்பிக்கைப் பட்டையின் நிறத்தைச் சற்று வெளிறியதாக மாற்றும்படி மட்டும் கேட்டார்.